கல்லை யார் புரட்டுவாங்க? | ஈஸ்டர் விடியல், கல்லறைத் தோட்டத்துல இருந்து

[இருட்டு. வரிசையாக மெழுகுவத்தி வெளிச்சம். சிமெண்ட் சிலுவைகளின் நிழல்.]

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். குரலைத் தாழ்த்தித்தான் பேசுறேன், பக்கத்துல ஆட்கள் ஜெபம் பண்ணிட்டிருக்காங்க. நான் இப்போ நிக்குறது எங்க ஊர் கல்லறைத் தோட்டத்துல. திருநெல்வேலிப் பக்கம் சின்ன ஊர்தான். இன்னைக்கு ஈஸ்டர், சிலுவையில இறந்த இயேசு உயிரோட எழுந்தார்னு நாங்க கொண்டாடுற நாள். இன்னும் பொழுது விடியல.

என்கூட வேலை பாக்குற ஒரு பொண்ணு கேட்டா: "ஈஸ்டர்னா சந்தோஷமான பண்டிகைங்குறீங்க. அப்புறம் ஏன்க்கா விடியக்காலைல எந்திரிச்சு கல்லறைக்குப் போறீங்க?" நியாயமான கேள்வி. கேக், முட்டை, முயல் படம் எல்லாம் பாத்தவங்களுக்கு இது புரியாது. அதுக்குப் பதில் சொல்லத்தான் இந்த வீடியோ. பைபிள் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்றேன்.

[கேமரா மேலே திரும்புகிறது. தேய்பிறை நிலா.]

முதல்ல மேல பாருங்க. நிலா. எல்லா ஈஸ்டர் விடியல்லயும், மேகம் மறைக்கலன்னா, வானத்துல நிலா இருக்கும். மார்ச் 21-லயோ அதுக்குப் பிறகோ வர்ற முதல் பௌர்ணமி எதுவோ, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதான் ஈஸ்டர். அதனால எப்பவும் பௌர்ணமி கழிஞ்சு ஒரு வாரத்துக்குள்ள வந்துரும். அந்த நிலா விடியுற நேரத்துலயும் மறையாம நிக்கும். இயேசுவை சிலுவையில அறைஞ்சது யூதர்களோட பஸ்கா பண்டிகை நேரம். பஸ்காவும் பௌர்ணமிப் பண்டிகைதான். அப்போ அந்த முதல் ஞாயித்துக்கிழமை கல்லறைக்கு நடந்து போன பெண்களுக்கும் இதே மாதிரி கொஞ்சம் தேய்ஞ்ச நிலாதான் மேல இருந்திருக்கும்.

அந்தப் பெண்களைப் பத்தித்தான் நான் பேசணும். ஈஸ்டர் அவங்ககிட்ட இருந்துதான் ஆரம்பிக்குது.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து சொல்றேன். யூதர்களுக்கு ஒரு நாள்ங்குறது சூரியன் மறையும்போது ஆரம்பிச்சிரும். வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா ஓய்வுநாள் தொடங்கிரும், அதுக்கப்புறம் எந்த வேலையும் செய்யக் கூடாது. இயேசு இறந்தது அன்னைக்குப் பிற்பகல் மூணு மணி வாக்குல. இருக்குறது கொஞ்ச நேரம். அதுக்குள்ள அரிமத்தியா ஊர் யோசேப்புன்னு ஒரு பணக்காரர் ரோம ஆளுநர் பிலாத்துகிட்ட போய் உடலைக் கேட்டு வாங்கி, பாறையைக் குடைஞ்சு தனக்காக வச்சிருந்த புதுக் கல்லறையில கொண்டு வைக்கிறார். நிக்கொதேமுன்னு இன்னொருத்தர் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து நூறு ராத்தல் கொண்டு வர்றார். அந்தக் கால ராத்தல் கணக்குல அது ஏறக்குறைய 33 கிலோ. துணியில அந்த வாசனைப் பொருளை வச்சு சுத்தி, வைச்சு, வாசலுக்குக் கல்லைப் போட்டு மூடிட்டாங்க. அவ்வளவுதான், பொழுது சாஞ்சிருச்சு.

நம்ம ஊர் கல்லறை மாதிரி குழி தோண்டி மண்ணைத் தள்ளுறது இல்ல அது. எருசலேம் சுத்துவட்டாரத்துல அந்தக் காலத்து வசதியானவங்க கல்லறை ஒரு சின்ன அறை மாதிரி இருக்கும். குனிஞ்சுதான் உள்ள நுழையணும். உள்ள பாறையிலயே திண்ணை மாதிரி வெட்டியிருப்பாங்க, உடலை அதுல கிடத்துவாங்க. ஒரு வருஷம் போல கழிச்சு எலும்பை எடுத்து கல்பெட்டியில வைக்கிற வழக்கமும் உண்டு. அதனால வாசல் திரும்பத் திறக்குற மாதிரிதான் இருக்கணும். அதுக்குத்தான் கல். அதைத் தள்ள நல்ல பலம் வேணும்.

[மெழுகுவத்தி ஏற்றும் கைகள். மஞ்சள் செவ்வந்தி மாலை ஒன்று கல்லறைமேல்.]

சனிக்கிழமை முழுக்க பெண்கள் ஒண்ணும் செய்ய முடியல. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு பைபிள்ல அநேகமா ஒண்ணுமே கிடையாது. இயேசுவோட வாழ்க்கையைச் சொல்ற சுவிசேஷங்களை எழுதின நாலு பேர்ல ஒருத்தரான லூக்கா, ஓய்ந்திருந்தாங்கன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிர்றார். வீட்ல சாவு நடந்தவங்களுக்குத் தெரியும், அந்த ரெண்டாவது நாள் எப்படி இருக்கும்னு. பொழுது சாஞ்சு ஓய்வுநாள் முடிஞ்சதும் மகதலேனா மரியாள், யாக்கோபோட அம்மா மரியாள், சலோமே மூணு பேரும் வாசனைப் பொருள் வாங்குறாங்க. இதை அந்த நாலு பேர்ல இன்னொருத்தரான மாற்கு சொல்றார். ராத்திரி ஊருக்கு வெளிய கல்லறைக்குப் போக முடியாது. அதனால வெளிச்சம் வந்ததும் கிளம்புறாங்க. விடியக்காலைங்குறதுக்குக் காரணம் இவ்வளவுதான். அதுல பெரிய அடையாள அர்த்தம் தேட வேண்டியதில்ல. சீக்கிரமா எப்போ போக முடியுமோ அப்போ போனாங்க.

கவனிச்சுக்கோங்க, அவங்க கையில என்ன இருந்துச்சு? செத்த உடம்புக்குப் பூசுற பொருள். "மூணாம் நாள் எழுந்திருப்பேன்னு சொன்னாரே, போய்ப் பாப்போம்"னு யாரும் போகல. காரியம் அவசரத்துல நடந்திருச்சு, நம்ம கையால ஒழுங்கா செஞ்சிட்டு வந்துருவோம்னு போனாங்க. போற வழியில பேசிக்கிட்டது ஒரே விஷயம்: கல்லை நமக்கு யார் புரட்டித் தருவா?

எனக்கு ஈஸ்டர்ல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பதில் தெரியாமலே நடந்து போறாங்க. போனா, கல் ஏற்கனவே புரட்டிக் கிடக்கு.

இதுல பல பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. இயேசு உயிரோட எழுந்திருக்குற அந்த நொடியை நாலு சுவிசேஷத்துல ஒண்ணுகூட எழுதல. படங்கள்ல வெளிச்சம் அடிக்கும், கையில கொடியோட வெளிய வருவார். பைபிள்ல அந்தக் காட்சியே கிடையாது. யாரும் பாக்கல. எல்லாரும் பாத்தது நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம்தான்: திறந்த வாசல், காலி அறை, கிடக்குற துணி, அப்புறம் அவரை. அதனாலதான் விசுவாசிகளுக்கு இந்த இருட்டு நேரம் முக்கியம். நாம துக்கத்தோட நடந்துக்கிட்டிருக்கும்போதே, நமக்குத் தெரியாமலே காரியம் முடிஞ்சு போச்சுங்குறதுதான் அவங்க நம்பிக்கை.

[கிழக்கில் லேசான சாம்பல் வெளிச்சம். பனைமர வரிசை.]

"நாலு பேரும் ஒரே மாதிரி எழுதலையே"ன்னு கேப்பாங்க. ஆமா, எழுதல. மாற்கு சூரியன் உதிச்சிருச்சுன்னு சொல்றார், யோவான் இன்னும் இருட்டாவே இருந்துச்சுங்குறார். போன பெண்கள் பேர்லயும் வித்தியாசம் உண்டு, லூக்கா யோவன்னாளையும் சேக்குறார். மாற்கு சுவிசேஷத்தோட பழைய பிரதிகள் ரெண்டுல, 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுல, அந்தப் பெண்கள் பயந்து போய் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலங்குற இடத்தோட புத்தகமே நின்னுருது. நான் இதையெல்லாம் மறைக்க மாட்டேன். ஆனா நாலு பேரும் ஒத்துப்போற இடம் ஒண்ணு இருக்கு. முதல்ல போனது மகதலேனா மரியாள். அந்தக் காலத்துல பெண்கள் சாட்சிக்குப் பெருசா மதிப்புக் கிடையாது. சீஷர்களே இவங்க சொன்னதை வீண்பேச்சுன்னு தள்ளிட்டாங்கன்னு லூக்கா எழுதுறார். கதை கட்டுறவன் இப்படியா சாட்சி வைப்பான்னு எங்க பாட்டி கேக்கும். இதை நிரூபணம்னு சொல்ல வரல. ஆனா யோசிக்க வைக்கும்.

மரியாள் கல்லறைக்கு வெளிய நின்னு அழுதுட்டிருக்கா. பின்னால ஒருத்தர் நிக்குறார். தோட்டக்காரர்னு நினைச்சு, "ஐயா, நீங்க எடுத்துட்டுப் போயிருந்தா எங்க வச்சீங்கன்னு சொல்லுங்க, நான் எடுத்துக்குறேன்"ங்குறா. 33 கிலோ போளம் சுத்தின ஒரு ஆம்பளை உடம்பை ஒத்தையாளா எப்படித் தூக்குவா? அதெல்லாம் அவ யோசிக்கல. அவர் வேற விளக்கமே கொடுக்காம, "மரியாளே"ன்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுறார். அதுல தெரிஞ்சுக்கிட்டா.

இப்போ அந்தக் கேள்விக்கு வர்றேன். நாங்க ஏன் இங்க வர்றோம்?

[ஒரு வயதான பெண்ணின் கை கல்லறைப் பலகையைத் துடைக்கிறது. முகம் காட்டவில்லை.]

இதோ, இந்தக் கல்லறைகள்ல இருக்குறவங்க எங்க தாத்தா, பெரியப்பா, பிறந்து மூணு நாள்ல போன குழந்தைங்க. இயேசு எழுந்தது அவருக்கு மட்டும் நடந்த அதிசயம்னா, இங்க வர வேண்டிய அவசியமே இல்ல. ஊர் ஊராப் போய் இயேசுவைப் பத்திப் பிரசங்கம் பண்ணின பவுல், இயேசு இறந்து ஏறக்குறைய இருபத்தஞ்சு வருஷத்துக்குள்ள, கொரிந்து சபைக்கு ஒரு கடிதம் எழுதுறார். அதுல இயேசுவை, தூங்கிப் போனவங்கள்ல, அதாவது இறந்தவங்கள்ல, முதற்பலன்னு சொல்றார். அறுப்புல முதல் கதிர்க்கட்டைக் கொண்டு போய் ஆலயத்துல படைப்பாங்க. வயல்ல மிச்சம் நிக்குறதும் அறுவடைக்கு வரும்ங்குறதுக்கு அது அச்சாரம். அப்போ கிறிஸ்தவங்களுக்கு ஈஸ்டர்னா, ஒருத்தர் எழுந்துட்டார், மத்தவங்க பின்னால வருவாங்க. அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் எது?

இப்படிக் கல்லறையில விடியல் ஆராதனை வைக்கிறது எங்க ஊர்ல மட்டும் இல்ல. ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்ங்குற ஊர்ல மொரேவியன் சபை வாலிபர்கள் 1732-ல ஈஸ்டர் அன்னைக்கு விடியுமுன்ன கல்லறை மேட்டுல கூடிப் பாட்டுப் பாடினாங்க. அடுத்த வருஷம் சபையே சேந்துக்கிச்சு. அந்தச் சபைக்காரங்க 1760-ல நம்ம தரங்கம்பாடிக்கும் வந்திருக்காங்க. எங்க ஊர் வழக்கத்துக்கும் அதுக்கும் தொடர்புன்னு நான் சொல்ல வரல. கத்தோலிக்க சபைகள்ல சனிக்கிழமை ராத்திரியே புது நெருப்பு உண்டாக்கி, பாஸ்கா திரிங்குற பெரிய மெழுகுவத்தியில ஏத்தி, அந்த வெளிச்சத்தை ஒவ்வொருத்தர் மெழுகுவத்திக்கும் கொடுப்பாங்க. நேரம் வேற, விஷயம் அதேதான்.

[சூரியன் மேலே வருகிறது. ஆட்கள் எழுந்து நிற்கும் சத்தம்.]

இருங்க, ஐயர், அதாவது எங்க சபைப் போதகர், தொடங்குறார். கேளுங்க. அவர் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்"னு சொல்வார், நாங்க எல்லாரும் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்"னு சொல்லணும். மூணு தடவை. முதல் தடவை எப்பவும் தூக்கக் கலக்கத்துல சத்தம் வராது, மூணாவது தடவைதான் வரும். இன்னைக்குப் பூரா பாத்துக்கிட்டா இதுதான் வணக்கம்.

ஒரு சின்ன விஷயம், கமெண்ட்ல ஒவ்வொரு வருஷமும் வருது. வெள்ளி சாயங்காலத்துல இருந்து ஞாயிறு காலை வரைக்கும் மூணு நாள் ஆகலையேன்னு. அவங்க கணக்குல நாளோட ஒரு பகுதி இருந்தாலும் அது ஒரு நாள். வெள்ளி ஒண்ணு, சனி ரெண்டு, ஞாயிறு மூணு. மூணாம் நாள்ங்குறது அதுதான்.

"இவ்வளவு சொல்றீங்க, எனக்கு நம்பிக்கை வரலையே"ன்னு சொல்றவங்களுக்கு: இயேசுவோட பன்னிரண்டு சீஷர்கள்ல ஒருத்தரான தோமா, அன்னைக்கு சாயங்காலம் இயேசு சீஷர்கள் இருந்த வீட்டுக்கு வந்தப்போ அங்க இல்ல. ஆணி அடிச்ச தழும்புல விரலைப் போட்டாத்தான் நம்புவேன்னு சொல்லிட்டார். நம்ம மயிலாப்பூருக்கு வந்ததா பாரம்பரியம் சொல்ற அதே தோமாதான். அவரை யாரும் வெளிய தள்ளல, எட்டு நாள் கூடவே வச்சிருந்தாங்க. அந்த எட்டு நாள் கணக்குக்கு அடுத்த ஞாயிறு வரும், அவர் கதையை அன்னைக்குப் போடுறேன். இப்போ போனை வைக்கிறேன், பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க.