ஏல மேசைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

குமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பியின் கேள்வி: “அண்ணா, எங்கள் டென்னிஸ் பந்து கிரிக்கெட் லீக்கில் 8 அணிகள். வீரர் ஏலத்தில் அணிக்கு 1,00,000 புள்ளிகள், 14 பேரை எடுக்க வேண்டும், அடிப்படை விலை 2,000. ஆட்டம் 10 ஓவர், ஒருவருக்கு 2 ஓவர்தான். பேட்டர், பௌலர், ஆல்ரவுண்டருக்கு எத்தனை சதவீதம் ஒதுக்கினால் சரியாக இருக்கும்?”

தம்பி, சதவீதத்தை முதலில் முடிவு செய்துகொண்டு போகிற அணிதான் பெரும்பாலும் ஏலத்தில் தடுமாறுகிறது. சதவீதம் என்பது கணக்கின் முடிவில் வரவேண்டிய எண். உங்கள் லீக்கின் பெயர்ப்பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே ஒரு வீரரின் விலையை எப்படிக் கணிப்பது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு வீரர் எத்தனை ஓட்டம் எடுப்பார் என்று கேட்காதீர்கள். அவருக்குப் பதிலாக 2,000 புள்ளிக்குக் கிடைக்கிற ஒருவரை அதே இடத்தில் இறக்கினால் என்ன கிடைக்கும், அதைவிட இவர் எத்தனை ஓட்டம் கூடுதலாகத் தருவார் என்று கேளுங்கள். அந்தக் கூடுதலுக்குத்தான் விலை. 10 ஓவர் ஆட்டத்தில் மொத்தம் 60 பந்துகள்; அவற்றில் பெரும்பகுதியை முதல் நான்கு பேட்டர்களே ஆடிவிடுவார்கள். ஆகவே எட்டு அணிகளுக்கும் சேர்த்துத் தேவைப்படும் முன்வரிசை பேட்டர்கள் 32 பேர். பௌலர்களோ ஓர் அணிக்குக் குறைந்தது ஐந்து பேர், அதாவது லீக்குக்கு 40 பேர் வேண்டும். பட்டியலை எடுத்து பேட்டர்களை வரிசைப்படுத்துங்கள். 33-ஆவதாக நிற்பவர்தான் உங்கள் அடிப்படை விலை பேட்டர். அதேபோல 41-ஆவதாக நிற்பவர் அடிப்படை விலை பௌலர். நம் மாவட்டத்தில் எந்த ஊர் மைதானத்தில் நின்று பார்த்தாலும் சிக்ஸர் அடிக்கிற பையன்கள் வரிசையாக இருப்பார்கள். கடைசி ஓவரில் யார்க்கர் போடத் தெரிந்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த வேறுபாடு 33-ஆம் ஆளையும் 41-ஆம் ஆளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகத் தெரியும்.

இப்போது மூன்று பேரைக் கணக்கில் வைப்போம். முதலாமவர் ஒரு தொடக்க பேட்டர். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 18 பந்துகளில் 34 ஓட்டம் எடுக்கிறார். அதே 18 பந்துகளை அடிப்படை விலை பேட்டரிடம் கொடுத்தால் 22 ஓட்டம் வரும். கூடுதல் 12. ஆனால் அவர் ஆடியிருப்பது 6 ஆட்டங்கள்தான், அவற்றில் பாதி எல்லைக்கோடு மிக அருகிலிருந்த மைதானத்தில். இவ்வளவு குறைந்த ஆட்டங்களை வைத்துக்கொண்டு முழு 12-ஐயும் நம்ப முடியாது. நான் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்வேன், ஆக 6.

இரண்டாமவர் பௌலர். இரண்டு சீசன்களில் 20 ஆட்டங்கள். தன் 2 ஓவர்களில் 14 ஓட்டம் கொடுக்கிறார், அடிப்படை விலை பௌலர் 22 கொடுப்பார், வித்தியாசம் 8. ஆட்டங்கள் ஓரளவு போதுமானவை என்பதால் இதில் முக்கால் பங்கை, அதாவது 6-ஐ எடுத்துக்கொள்கிறேன். அத்துடன் ஆட்டத்துக்கு அரை விக்கெட் கூடுதலாக எடுக்கிறார். 60 பந்துகளுக்குள் 10 விக்கெட் விழுவது அரிது என்பதால், இந்த வடிவத்தில் ஒரு விக்கெட்டை நான் 4 ஓட்டத்துக்கு மேல் மதிப்பதில்லை. அரை விக்கெட்டுக்கு 2. ஆக மொத்தம் 8.

மூன்றாமவர் ஆல்ரவுண்டர். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அவருடைய பேட்டிங் புகழையும் பந்துவீச்சுப் புகழையும் முழுதாகக் கூட்டி விலை சொல்லிவிடுகிறார்கள். உங்கள் அணியில் அவர் ஆறாவது இடத்தில் இறங்கினால் அவருக்குக் கிடைக்கப்போவது ஏழெட்டு பந்துகள். அதில் கூடுதல் 2 ஓட்டம் வந்தாலே பெரிது. பந்துவீச்சில் கூடுதல் 3 என்று வையுங்கள். ஐந்தாவது பௌலரின் இடத்தை அவர் நிரப்புவதால் இன்னொரு பேட்டரை ஆட வைக்க முடிகிறது. ஏழாவதாக இறங்கும் அந்த பேட்டருக்கு வரும் பந்துகள் சொற்பம் என்பதால் அதற்கு 1. ஆக 6. ஐபிஎல்லில் 2023 முதல் இம்பாக்ட் பிளேயர் விதி இருப்பதால், சிறப்பு பேட்டர் ஒருவரையும் சிறப்பு பௌலர் ஒருவரையும் ஒரே இடத்தில் மாற்றி ஆட வைக்க முடிகிறது. அங்கே ஆல்ரவுண்டர் மிச்சப்படுத்தித் தரும் அந்த ஓர் இடத்தின் மதிப்பு அதனால் குறைந்தது. உங்கள் லீக்கில் அந்த விதி இல்லையென்றால் அந்த 1-ஐச் சேர்க்கலாம், இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி ஓட்டத்தைப் புள்ளியாக மாற்ற வேண்டும். 14 பேருக்கு அடிப்படை விலை 28,000. அதைக் கழித்தால் உங்கள் கையில் உண்மையாக இருப்பது 72,000 மட்டுமே. எட்டு அணிகளிடமும் சேர்த்து 5,76,000. ஏலம் போகப்போகும் 112 பேரின் கூடுதல் ஓட்டங்களையும் கூட்டுங்கள். அடிப்படை நிலையில் இருப்பவர்களுக்குப் பூஜ்யம்தான். கூட்டுத்தொகை 240 என்று வந்தால், ஒரு கூடுதல் ஓட்டத்தின் விலை 2,400 புள்ளிகள். அப்படியானால் அந்தத் தொடக்க பேட்டர் 2,000-உடன் 14,400 சேர்த்து 16,400, பௌலர் 21,200, ஆல்ரவுண்டரும் 16,400. ஊரே பெயர் சொல்லிக் கைதட்டுகிற பேட்டரைவிட, அமைதியாக 2 ஓவர் போட்டுவிட்டுப் போகும் பௌலருக்கு ஏறக்குறைய 5,000 அதிகம்.

நீங்கள் கேட்ட பங்கீடு இதிலிருந்தே வந்துவிடும். அந்த 240-இல் பேட்டர்களிடம் 90, பௌலர்களிடம் 100, ஆல்ரவுண்டர்களிடம் 50 இருந்தால், உங்கள் 72,000-ஐ 27,000, 30,000, 15,000 என்று பிரித்துக்கொண்டு உட்காருங்கள். விக்கெட் கீப்பரை பேட்டர் கணக்கிலேயே சேர்த்துவிடலாம். இது தொடக்கக் கோடு மட்டுமே, வேலி அல்ல. ஒரு பகுதியில் எல்லோரும் மதிப்புக்கு மேல் கேட்கிறார்கள் என்றால், உங்கள் பங்கை அடுத்த பகுதிக்கு நகர்த்திவிட வேண்டும்.

மற்றவர்கள் மிகுதியாகச் செலவழிக்கிறார்களா என்று எப்படித் தெரியும்? உங்களில் ஒருவர் ஏலம் கேட்காமல், ஒவ்வொரு வீரரும் போன விலையையும் நீங்கள் குறித்திருந்த மதிப்பையும் அருகருகே எழுதிக் கூட்டிக்கொண்டே வரட்டும். முதல் 20 பேரின் மதிப்பு 2,60,000 என்று குறித்திருந்தீர்கள், அவர்கள் 3,20,000-க்குப் போய்விட்டார்கள் என்று வையுங்கள். அந்த 60,000 புள்ளிகளும் மண்டபத்திலிருந்து போய்விட்டன, திரும்பி வராது. மீதம் 4,80,000, மீதமுள்ள 92 பேரின் அடிப்படை விலை 1,84,000 போக, 2,96,000 மட்டுமே போட்டிக்கு இருக்கிறது. அந்த 92 பேருக்கு நீங்கள் கூடுதலாகக் குறித்திருந்ததோ 3,56,000. ஆகவே இனி ஒரு ஓட்டம் 2,400-க்கு அல்ல, ஏறக்குறைய 2,000-க்கே கிடைக்கும். அந்த நேரத்தில் பொறுமையாக இருக்கிற அணிக்கு நடுத்தர பௌலர்கள் மலிவாக வந்து சேர்வார்கள்.

நாங்கள் ஒருமுறை இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டோம். ஒரு கல்யாண மண்டபத்தில் ஏலம். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், நல்ல தொடக்க பேட்டர், மூன்றாவது பெயராக வந்தான். அவனை அடுத்த ஊர் அணிக்கு விட்டுக்கொடுக்க எங்கள் மேசையில் ஒருவருக்கும் மனமில்லை, 31,000-க்கு எடுத்தோம். மேலே சொன்ன முறையில் இன்று வைத்துப் பார்த்தால் அவன் பெறுமானம் 16,000-ஐ ஒட்டித்தான் இருந்தது. ஏலத்தின் கடைசிக் கட்டத்தில் எங்களிடம் 11,000 புள்ளிகளும் நிரப்ப வேண்டிய நான்கு இடங்களும் இருந்தன. அப்போது கடற்கரைப் பகுதியிலிருந்து ஒரு மெதுவேகப் பந்துவீச்சாளர் பெயர் வந்தது. 9,000-க்கு மேல் பெறுமானமுள்ளவர். மீதமுள்ள மூன்று இடங்களுக்கு 6,000-ஐ ஒதுக்கியாக வேண்டும் என்பதால் எங்களால் 5,000 வரைதான் கேட்க முடிந்தது. எதிர்மேசையில் 5,500 என்றார்கள், முடிந்துவிட்டது. அரையிறுதியில் எங்களுக்கு எதிராக ஒன்பதாவது ஓவரைப் போட்டவர் அவர்தான். அந்த ஓவரில் எங்களால் 4 ஓட்டத்துக்கு மேல் எடுக்க முடியவில்லை.

சொந்த வீரரை மீட்டெடுக்கும் ஆசை பெரிய அணிகளையும் விடுவதில்லை. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐபிஎல் ஏலத்துக்கு கொல்கத்தா அணி 51 கோடி ரூபாயுடன் வந்தது, அதில் 23.75 கோடியைத் தங்கள் பழைய வீரர் வெங்கடேஷ் ஐயருக்கே கொடுத்தது. 2025 சீசனில் அவர் 11 ஆட்டங்களில் எடுத்தது 142 ஓட்டங்கள். ஒரு சீசன் சரியாக அமையாதது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் கையிருப்பில் பாதியை ஒருவரிடம் வைத்துவிட்டால், அந்தச் சரிவைத் தாங்க மற்ற இடங்களில் ஆள் வாங்கப் பணம் இருக்காது.

ஆகவே ஏலத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் இந்த ஒரு கழித்தலை எழுதி வையுங்கள்: கையில் இருக்கும் புள்ளிகளிலிருந்து, இந்த வீரர் போக நிரப்ப வேண்டிய இடங்களின் அடிப்படை விலையைக் கழித்தால் வருவதே நீங்கள் கேட்கக்கூடிய உச்சம். தொடக்கத்தில் அது 74,000. நான்கு பேரை வாங்கியபின் அது எவ்வளவு என்று உடனே சொல்லத் தெரியாத மேசை ஆபத்தில் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆனால் அப்போது மழையில் மைதானம் நனைந்து கிடக்கும் என்பதால் லீக்கை ஏப்ரல், மே மாதங்களில் வைத்துவிடுகிறோம். அந்த நாட்களில் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து வீரர்களில் சிலர் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தொழிலில் இருப்பார்கள். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருபவர்களுக்கும் திரும்பும் தேதி உண்டு. 7 லீக் ஆட்டங்களில் 4-க்குத்தான் வர முடியும் என்றால், கூடுதல் 6 ஓட்டம் தரும் வீரரின் விலை 16,400 அல்ல. அதில் கூடுதலுக்கான 14,400-ஐ மட்டும் ஏழில் நான்கு பங்காக்கி, அடிப்படை விலை 2,000-ஐச் சேர்த்தால் சுமார் 10,200. அவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள், தயங்காமல் எடுங்கள்; ஆனால் ஏலத்துக்கு முந்தைய நாளே அவரிடமோ அவர் வீட்டாரிடமோ பேசி, படகு எந்தத் தேதியில் கரைக்கு வரும் என்று கேட்டு, பெயருக்கு நேராக அந்தத் தேதியையும் எழுதிக்கொண்டு மேசைக்கு வாருங்கள்.