மீற்றர் காணாத தண்ணீர்

வணக்கம் நேயர்களே.

குழாய்நீர் இணைப்புள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. பழைய மீற்றரைக் கழற்றிப் புதியது பூட்டினார்கள், அடுத்த மாதமே பில் கூடிவிட்டது, புது மீற்றர் பாய்ந்து ஓடுகிறது என்பார்கள். புது மீற்றரிலும் பிழை இருக்கலாம்தான். ஆனால் அதைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் கூரைக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தாங்கியை ஒருக்கால் ஏறிப் பார்க்க வேண்டும்.

வீட்டு மீற்றர்களில் பரவலாக உள்ள வகையில் ஒரு சிறு சில்லு இருக்கிறது. உள்ளே வரும் நீர் அதன் இதழ்களில் மோதி அதைச் சுற்றுகிறது. அந்தச் சுற்றைப் பற்சக்கரங்கள் இலக்கமாக மாற்றுகின்றன. சில்லு சுற்றவேண்டுமானால் அச்சின் உராய்வையும் பற்சக்கரங்களின் இழுவையையும் நீர் வெல்லவேண்டும். நீரோட்டம் பாதியானால் சில்லைத் தள்ளும் விசை பாதியாவதில்லை, ஏறக்குறைய காற்பங்காகிவிடும். உராய்வோ அப்படியே நிற்கிறது. ஆகவே ஓட்டம் குறையக் குறைய ஒரு கட்டத்தில் சில்லு நின்றுவிடும். நீர் மட்டும் இதழ்களின் இடுக்கால் நழுவிப் போய்க்கொண்டே இருக்கும்.

இது களவுமல்ல, தயாரிப்புக் குறையுமல்ல. மீற்றரின் முகத்தில் கியூ 3 என்பதற்குப் பக்கத்தில் 2.5 என்றும், ஆர் 80 என்றும் இருந்தால், அது மணித்தியாலத்துக்கு 2500 லீற்றர் ஓட்டத்துக்கு ஆனது. அதை 80 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 31 லீற்றர். அந்த ஓட்டத்திலிருந்து 50 லீற்றர் வரை ஐந்து வீதப் பிழையும், அதற்கு மேலே இரண்டு வீதப் பிழையும் சர்வதேச நியமம் அனுமதிக்கிறது. 31 லீற்றருக்குக் கீழே எவ்வளவு சரியாகக் காட்டவேண்டும் என்று நியமம் எதுவும் கேட்பதில்லை. நல்ல நிலையிலுள்ள மீற்றர் அதற்குக் கீழேயும் கொஞ்சத் தூரம் சுற்றும். அச்சுத் தேய்ந்து, மணலோ சுண்ணாம்புப் படிவோ ஏறிய பழைய மீற்றர் முந்தியே நின்றுவிடும். சரிவாகப் பூட்டியதும் அப்படித்தான். நிமிர்ந்து நிற்கவேண்டிய அச்சு பக்கத்தில் உரசத் தொடங்கும்.

இனித் தாங்கிக்கு வருவோம். குழாயை நேரே திறந்து வாளியில் பிடித்தால் நிமிடத்துக்குப் பல லீற்றர் ஓடும், மீற்றர் அதைத் தவறவிடாது. தாங்கி வைத்த வீட்டில் மீற்றர் பார்ப்பது நீங்கள் திறக்கும் குழாயை அல்ல. தாங்கிக்குள் இருக்கும் மிதவை வால்வை, கடையில் போல் வால்வு என்று கேட்டு வாங்குகிறோமே, அதைத்தான் பார்க்கிறது. அந்த வால்வு திறப்பதும் பூட்டுவதும் படிப்படியாக. நீர் மட்டம் சற்று இறங்கினால் சற்றுத் திறக்கும், நன்றாக இறங்கினால்தான் முழுதாகத் திறக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் லீற்றர் வட்டத் தாங்கி. அதன் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர், ஆகவே ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில் 10 லீற்றர் நீர். மட்டம் 6 சென்ரிமீற்றர் இறங்கினால் வால்வு முழுதாகத் திறந்து மணித்தியாலத்துக்கு 600 லீற்றர் விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் இறங்கும் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 100 லீற்றர் ஓட்டம். மீற்றரோ ஓட்டம் மணித்தியாலத்துக்கு 15 லீற்றருக்குக் கீழே போனால் நின்றுவிடும் பழைய மீற்றர்.

கழிப்பறையில் ஒருமுறை 6 லீற்றர் நீர் விடுகிறீர்கள். தாங்கியில் மட்டம் 6 மில்லிமீற்றர் இறங்குகிறது. உள்ளே வரும் ஓட்டம் 60 லீற்றர், மீற்றர் சுற்றுகிறது. மட்டம் ஏற ஏற வால்வு ஒடுங்குகிறது, ஓட்டமும் ஒடுங்குகிறது. இன்னும் ஒன்றரை லீற்றர் நிரம்பவேண்டியிருக்கும்போது ஓட்டம் 15 லீற்றராகிவிடும், மீற்றர் நின்றுவிடும். மிச்ச ஒன்றரை லீற்றரும் கணக்கில்லாமல் ஊர்ந்து வந்து சேரும். ஆறில் ஒன்றரை, அதாவது காற்பங்கு. அதே தாங்கியிலிருந்து ஒரே மூச்சில் 100 லீற்றர் எடுத்திருந்தாலும் கடைசியில் தவறுவது அதே ஒன்றரை லீற்றர்தான். அப்போது அது நூற்றில் ஒன்றரை. எவ்வளவு நீர் பாவித்தோம் என்பதைவிட, எத்தனை தரம் விட்டுவிட்டுப் பாவித்தோம் என்பதுதான் இங்கே கணக்கு.

அமுக்கம் குறைந்த தெருவில் இது இன்னும் மோசம். வால்வு முழுதாகத் திறந்தும் 200 லீற்றர்தான் வருகிறதென்றால், அதே 6 லீற்றருக்கு ஓட்டம் 20 லீற்றரில் தொடங்கும். ஒன்றரை லீற்றர் பதிவாகும், நாலரை லீற்றர் தவறும்.

ஆனாலும் நாளுக்குப் பதினைந்து தரம் ஒன்றரை லீற்றர் தவறினால் மாதத்துக்கு முக்கால் யூனிற்கூட இல்லை. பில்லைப் புரட்டிப் போடுவது ஒழுக்குத்தான். கழிப்பறைத் தொட்டியின் ரப்பர் தேய்ந்து மணித்தியாலத்துக்கு 10 லீற்றர் சத்தமில்லாமல் வடிகிறது என்று வையுங்கள். தாங்கியில் மட்டம் ஒரு மில்லிமீற்றர் இறங்கி அங்கேயே நிற்கும். வால்வும் 10 லீற்றரை விட்டபடி அசையாமல் நிற்கும். நாளுக்கு 240 லீற்றர், மாதத்துக்கு ஏழு யூனிற்றுக்கு மேல். வேறு பாவனையில்லாத நேரமெல்லாம் பழைய மீற்றர் இதைக் காணாது. குறைந்த ஓட்டத்திலும் சுற்றும் புது மீற்றர் பூட்டிய அன்றே காணத் தொடங்கும். ஒழுக்குப் பழையது, பில்தான் புதிது.

நேரம் வைத்துத் தண்ணீர் விடும் இடங்களில் கதை மாறும். இரவு எட்டு மணித்தியாலம் குழாயில் நீர் இல்லையென்றால், அதே ஒழுக்கு தாங்கியை 80 லீற்றர் இறக்கிவிடும். காலையில் வால்வு முழுதாகத் திறந்து நிரப்பும்போது மீற்றர் அந்த 80 லீற்றரை ஏறக்குறைய முழுதாகப் பதியும். கூடவே குழாயிலிருந்த காற்றும் சில்லைச் சுற்றிவிடலாம், அது வேறு வழக்கு.

மட்டம் 15 சென்ரிமீற்றர் போல இறங்கும்வரை பூட்டியே இருந்து, பிறகு ஒரேயடியாகத் திறக்கும் மிதவை வால்வுகளும் இருக்கின்றன. அதைப் பூட்டினால் மீற்றர் ஒழுக்கையும் சேர்த்துப் பிடித்துவிடும். பில் கூட்டும் சாமானைக் காசு கொடுத்து வாங்க எந்த வீட்டுக்காரர் வருவார்? அது நீர் வழங்குவோர் யோசிக்கவேண்டிய விடயம்.

உங்கள் மீற்றர் எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்க்கலாம். மீற்றருக்கும் தாங்கிக்கும் இடையில், முற்றத்துக் குழாய் போல, நேரே வரும் குழாய் ஒன்று வேண்டும். தாங்கிக்குப் போகும் வால்வைப் பூட்டுங்கள். மீற்றர் முகத்தில் உள்ள சிறு நட்சத்திரச் சக்கரம் முற்றாக நிற்கவேண்டும். நிற்காவிட்டால் மீற்றருக்குப் பிறகு எங்கோ குழாய் ஒழுகுகிறது, அதை முதலில் பாருங்கள். பிறகு முற்றத்துக் குழாயை மெல்லத் திறந்து, அளவுக் கோப்பையில் ஒரு நிமிடம் பிடியுங்கள். 250 மில்லிலீற்றர் வந்தால் மணித்தியாலத்துக்கு 15 லீற்றர், 500 வந்தால் 30 லீற்றர். 500 இலும் சக்கரம் அசையாவிட்டால் மீற்றர் களைத்துவிட்டது.

ஒழுக்கைப் பார்க்க மீற்றரை நம்பவேண்டாம். இரவு படுக்கும்போது, தாங்கியை நிரப்பக் கிணற்று மோட்டரும் இருந்தால் அதை நிறுத்தி, தாங்கிக்கு வரும் வால்வைப் பூட்டி, மூடியைத் திறந்து நீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒருவரும் தண்ணீர் பாவிக்காமல் விடிய ஐந்து மணிக்குப் பாருங்கள். பத்து மணிக்குப் போட்ட கோட்டிலிருந்து நீர் 7 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் அது 70 லீற்றர், மணித்தியாலத்துக்கு 10 லீற்றர். கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் தூள் கரைத்துவிட்டு, நீர் விடாமல் அரை மணித்தியாலம் கழித்து, கீழே கோப்பை மஞ்சளாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.