சக்கர நாற்காலியும் ஒரு துள்ளலும்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு உடற்கல்வி ஆசிரியர். சக்கர நாற்காலியில் வரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை வாலிபால் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதல் வகுப்பில் அவளிடம் ஸ்கோர் அட்டையைக் கொடுத்தேன். நல்ல யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன். அடுத்த வகுப்பில் எல்லாரையும் தரையில் உட்காரவைத்து ஆடலாம் என்றேன். பாராலிம்பிக்கில் உட்கார்ந்தே ஆடும் வாலிபால் இருக்கிறதே! ஆனால் அதில் கையைத் தரையில் ஊன்றி உடம்பை நகர்த்த வேண்டும். முதுகுத்தண்டு பாதிப்பால் இவளுக்குச் சாய்மானம் இல்லாமல் உட்காரவே முடியாது. முதலிலேயே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியுமா, முன்னால் சாய்ந்தால் தானாக நிமிர முடியுமா என்று அதற்கப்புறம்தான் கேட்டேன். தூக்க முடியும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிரவும் முடியும் என்றாள்.

அதனால் நாற்காலியிலேயே ஆடுவது என்று முடிவானது. உள்ளரங்கில் பாட்மிண்டன் கோர்ட் இருந்தது. வாலிபால் கோர்ட்டில் ஒரு பக்கமே 9 மீட்டருக்கு 9 மீட்டர், பெண்கள் ஆட்டத்துக்கு நெட் உயரம் 2.24 மீட்டர். பாட்மிண்டன் கோர்ட்டின் அகலம் 6.1 மீட்டர், நெட் கம்பத்தருகே 1.55 மீட்டர். கையை உயர்த்தினால் அவள் விரல் நுனி நெட்டுக்கு மேலே தெரிந்தது. பக்கத்துக்கு நான்கு பேர், எடை குறைந்த பயிற்சிப் பந்து. நெட் தாழ்ந்தால் நின்று ஆடுகிறவர்கள் அடித்து நொறுக்குவார்கள் அல்லவா? அதனால் நெட்டுக்கு முன்னால் குறுக்கே போகும் ஷார்ட் சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால் நின்று, குதிக்காமல்தான் ஸ்மாஷ் அடிக்கலாம் என்று வைத்தேன்.

பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் நின்று, யார் எத்தனை முறை பந்தைத் தொடுகிறார்கள் என்று எண்ணினேன். 10 நிமிடத்தில் மற்றவர்கள் 12, 15 முறை. அவள் இரண்டே முறை, அதில் ஒன்று சர்வீஸ்.

காரணம் நெட் உயரம் இல்லை. மற்றவர்கள் காலால் ஓடி, கையால் ஆடுகிறார்கள். அவளுக்கு ஓடவும் ஆடவும் அதே இரண்டு கைதான். சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது பந்து தலைக்கு மேல் வந்துவிடும். கையை எடுத்தால் நாற்காலி நின்றுவிடும், எடுக்காவிட்டால் பந்து விழுந்துவிடும். ஆகவே அவளுக்குத் தேவைப்பட்டது நேரம்.

அதற்கு வழி, பந்து ஒரு முறை தரையில் துள்ளிய பிறகும் அவள் எடுக்கலாம் என்ற விதி. சக்கர நாற்காலி டென்னிஸில் இரண்டு துள்ளல் வரை அனுமதி உண்டு. நமக்கு ஒன்று போதும். கெட்டியான தரையில் பந்து துள்ளி எழுந்து வரும் நேரத்துக்குள் இரண்டு தள்ளு தள்ளிக் கையை எடுத்துவிடலாம். ஒரு அணிக்கு உள்ள மூன்று தொடுதல்களில் அந்தத் துள்ளல் சேராது. மண் தரையில் இது நடக்காது. பந்தும் எழும்பாது, சக்கரமும் ஓடாது.

இன்னொன்று, நாற்காலி பக்கவாட்டில் நகராது. நெட்டை நேராகப் பார்த்து நின்றால் வலப்பக்கம் விழும் பந்துக்கு முதலில் திரும்ப வேண்டும், அப்புறம்தான் தள்ள வேண்டும். அதனால் சர்வீஸுக்கு முன்பே, தன் பகுதியின் மூலையில் சற்றுச் சாய்வாக நிற்கப் பழக்கினேன். ஒரே தள்ளில் அந்தப் பகுதியைக் குறுக்கே கடந்துவிடலாம். ஆட்டத்தின் நடுவே பிரேக் போடக் கூடாது. சர்வீஸ் போடும்போது மட்டும் போட வேண்டும், இல்லையென்றால் அடித்த வேகத்தில் நாற்காலி பின்னால் போகும்.

இரண்டு கையையும் சேர்த்துக் கீழிருந்து எடுக்கும் பாஸ் அவளுக்குச் சரிவரவில்லை. முழங்கால் இடிக்கும். அந்தப் பாஸுக்கு வேகமே காலை மடக்கி எழுவதில்தான் இருக்கிறது. அதனால் விரல்களால் மேலே தூக்கும் பாஸை நிறையப் பழகினாள். பந்து பக்கவாட்டில் தாழ வந்தால் ஒற்றைக் கை.

அப்புறம் வந்தது நல்ல மனசுத் தொல்லை. அவள் பக்கம் போகும் பந்தையெல்லாம் தோழிகள் பாய்ந்து எடுத்தார்கள். ஒருத்தியின் கணுக்காலில் நாற்காலியின் கால்மிதி இடித்தும்விட்டது. ஒவ்வொரு முறையும் பந்து அவள் கைக்குப் போய்த்தான் நெட்டைத் தாண்டலாம் என்று ஒரு விதி போட்டுப் பார்த்தேன். ஆட்டம் தபால் ஆபீஸ் மாதிரி ஆனதுதான் மிச்சம். அதை எடுத்துவிட்டு, அவள் நிற்கும் பகுதியை டேப் ஒட்டிக் காட்டினேன். அதற்குள் விழும் பந்து அவளுடையது, வேறு யாரும் நுழையக் கூடாது. ஆடுகிறவர்கள் வரிசையாக இடம் மாறும் ரொட்டேஷனில் டேப் பகுதியும் அவளோடு சேர்ந்து மாறும். கால்மிதியைச் சுற்றி ஸ்பாஞ்ச் கட்டினோம்.

அடுத்த எண்ணிக்கையில் 10 நிமிடத்துக்கு 9 தொடுதல். அதில் மூன்றை அவள் கோட்டை விட்டாள். திட்டும் வாங்கினாள், எல்லாரையும் போல.

மூன்றாவது வாரம் அவளே வந்து சொன்னாள்: "சார், முன்வரிசையில நிக்கும்போது பந்தைத் துள்ளவிட்டா ரொம்பத் தாழ்ந்துபோகுது. அங்க நேராவே எடுத்துக்கிறேன். பின்வரிசைக்கு மட்டும் துள்ளல் போதும்." சரி என்று விதியை அப்படியே மாற்றிக்கொண்டோம்.