விசில் ஊதாத பி.டி. சார்: ஃபவுலை யார் சொல்வது?

வணக்கம் மக்களே. உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில்கூட ஃபவுலா இல்லையா என்று முடிவு சொல்ல நடுவர் கிடையாது. அப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது, பெயர் அல்டிமேட். தட்டு மாதிரி ஒரு டிஸ்க்கை எறிந்து, பிடித்து, எதிரணியின் எல்லைக் கட்டத்துக்குள் பிடித்தால் ஒரு புள்ளி. டிஸ்க் கையில் இருக்கும்போது ஓடக்கூடாது. 1968-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பள்ளி மாணவர்கள் தொடங்கியது. வரலாறு அவ்வளவு போதும், மைதானத்துக்கு வாங்க.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளி, எட்டாம் வகுப்பு. பையன்களும் பெண்களும் கலந்து அணிக்கு ஐந்து பேர். முழு ஆட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும், ஆனால் வகுப்பில் ஐந்து பேர் என்றால்தான் எல்லோர் கைக்கும் டிஸ்க் வரும். ஒரு பெண் எகிறிப் பிடிக்கப் போகிறாள். பின்னாலிருந்து வந்த பையனின் தோள் இடிக்கிறது, டிஸ்க் கீழே விழுகிறது. அவள் ஒன்றும் சொல்லாமல் பி.டி. சாரைத் திரும்பிப் பார்க்கிறாள். சாரின் கை விசிலுக்குப் போகிறது.

இந்த இடத்தில் சார் ஊதிவிட்டால் பாடம் போய்விடும். அடுத்த முறையும் பிள்ளைகள் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இடிபட்டவர்தான் ‘ஃபவுல்’ சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னவுடன் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், பேச வேண்டியது அந்த இருவர் மட்டும். சார் விசிலைப் பையில் போட்டுவிட்டு, “நீதான் சொல்லணும் தாயி” என்றார். அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

“ஃபவுல். நான் எகிறும்போது நீ பின்னால இருந்து இடிச்சிட்ட. அதான் விட்டுட்டேன்.”

“இல்லட்டி, டிஸ்க் உன் கையை விட்டுப் போன பிறகுதான் நான் வந்தேன்.”

இனி அவனுக்கு இரண்டே வழி. ஒத்துக்கொண்டால் இடித்த இடத்திலேயே டிஸ்க் அவளுக்கு. மறுத்தால் டிஸ்க் எறிந்தவரிடமே திரும்பிப் போகும், மறுபடி எறியலாம். யார் சொன்னது சரி என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நம் தெருக் கிரிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். பந்து மட்டையில் பட்டதா, படவில்லையா என்று கால் மணி நேரம் சண்டை. கடைசியில் மட்டை யாருடையதோ அவன் சொல்வதுதான் சட்டம், இல்லையென்றால் மட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஆனால் விவரமான பயல்கள் என்ன செய்வார்கள்? “சரிலே, அந்தப் பாலைத் திரும்பப் போடு” என்பார்கள். அல்டிமேட் அந்தத் ‘திரும்பப் போடு’வைத்தான் விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. டிஸ்க் கொண்டு வந்தவனுக்கும் அதே விதிதான்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் நகராது. அதைவிடப் பெரிய சிக்கல் கலப்பு வகுப்பில் வரும்: பையன்கள் கத்திச் சொல்வார்கள், பெண்கள் இடிபட்டும் பேசாமல் ஆட்டத்தைத் தொடர்வார்கள். ஆட்டம் அமைதியாகப் போகிறதே என்று ஆசிரியர் நினைத்துக்கொள்வார். கண்டுபிடிக்க ஒரு துண்டுத்தாள் போதும். யார் எத்தனை முறை ஃபவுல் சொன்னார்கள் என்று கோடு போட்டு வாருங்கள். ஒரு பீரியட் முழுக்கக் கோடெல்லாம் பையன்கள் பக்கமே விழுந்தால், பெண்களை யாரும் இடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

அந்த சார் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் எல்லோரையும் ஜோடி ஜோடியாக நிற்க வைத்தார். ஒருவர் டிஸ்க் பிடிக்கும்போது மற்றவர் வேண்டுமென்றே கையை லேசாகத் தொட வேண்டும். பிடிப்பவர் ‘ஃபவுல்’ என்று சொல்லி, என்ன நடந்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அதுவரை மற்றவர் வாய் திறக்கக்கூடாது. அப்புறம் இடம் மாற்றம். பெண்கள் போடும் புள்ளிக்கு இரட்டை மதிப்பு என்று சில இடங்களில் வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது அவர்களைக் குறைவாக எடை போடுவது.

ஆனி, ஆடியில் காற்று டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போகும், அதனால் காலை முதல் பீரியடைக் கேட்டு வாங்குங்கள்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கலந்து வட்டமாக நின்று, எதிரணிக்கு மதிப்பெண் போட வேண்டும். விதி தெரிந்து ஆடியது, ஃபவுலும் உடல் மோதலும், நியாயம், மனப்பாங்கு, பேச்சு என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 2 என்றால் நல்ல ஆட்டம், சராசரி என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்று அந்தப் பையனின் அணிக்கு உடல் மோதலில் 1. “ஏன் ஒண்ணு?” என்று கேட்டான். அவளே பதில் சொன்னாள்: “மூணு தடவை பின்னால இருந்து வந்த. ஒரு தடவைதான் நான் சொன்னேன்.”

உங்கள் பள்ளியில் அந்தத் துண்டுத்தாளைப் போட்டுப் பார்த்தீர்களா? கோடுகள் எந்தப் பக்கம் விழுந்தன என்று கமெண்டில் எழுதுங்கள்.