முதல் கோட்டுக்கு முன்: ஆதிப்புள்ளியும் ஸ்கெட்ச் தளமும்

[திரையில்: புதிய பார்ட் கோப்பு; அச்சுகளும் தளங்களும் தெரிகின்றன.]

CAD மென்பொருளில் புதிய பார்ட் கோப்பைத் திறந்ததும் திரை காலியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஓர் ஆதிப்புள்ளியும், அதன் வழியே செல்லும் X, Y, Z அச்சுகளும், அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து உருவாக்கும் XY, XZ, YZ தளங்களும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் எதை அழித்தாலும் இவை இடம் மாறுவதில்லை என்பதால், நம் பார்ட்டை இவற்றோடு கட்டிப்போடுவதே முதல் வேலை.

[திரையில்: XY தளத்தில் செவ்வகம்.]

80 மி.மீ. நீளமும் 50 மி.மீ. அகலமும் 10 மி.மீ. கனமும் கொண்ட ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு மூலைகளிலும், இரு விளிம்புகளிலிருந்தும் 10 மி.மீ. உள்ளே, ஒவ்வொரு துளை வேண்டும். செவ்வகத்தின் மையத்தை ஆதிப்புள்ளியில் வைத்தால், முதல் துளையின் மையம் X = 30, Y = 15 என்ற இடத்தில் அமையும். அதை YZ தளத்தில் பிரதிபலித்தால் இரண்டாவது துளை கிடைக்கும்; இரண்டையும் சேர்த்து XZ தளத்தில் பிரதிபலித்தால் நான்கும் கிடைத்துவிடும். நாளை நீளத்தை 100 ஆக மாற்றினாலும், தகடு இருபுறமும் சமமாக நீளும்; விளிம்பிலிருந்து அளவு கொடுக்கப்பட்ட துளை X = 40-க்கு நகர, மற்றவையும் அதன்படியே நகரும்.

இதே செவ்வகத்தை ஏதோ ஓரிடத்தில், மூலை X = 13.4, Y = 7.2 என விழும்படி வரைந்துவிட்டால், தகட்டின் நடுவே எந்த அடிப்படைத் தளமும் செல்லாது. பிரதிபலிக்க நீங்களே புதிய தளம் அமைக்க வேண்டியிருக்கும். அதைவிட மோசமானது, இடமே நிர்ணயிக்காமல் விட்ட செவ்வகம். சோதிப்பது எளிது: ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் செவ்வகம் முழுவதுமாக நகர்ந்தால், அது ஆதிப்புள்ளியோடு கட்டப்படவில்லை என்று பொருள்.

மையம்தான் எப்போதும் சரி என்பதில்லை. மில்லிங் எந்திரத்தில் கச்சாப்பொருளின் மூலையையே பூச்சியமாக வைப்பதாக இருந்தால், ஆதிப்புள்ளியும் அந்த மூலையில் இருப்பது வசதி.

[திரையில்: திரை மூலையிலுள்ள சிறிய அச்சுக் குறி, பெரிதாக்கி.]

தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் குறியைப் பாருங்கள். சில மென்பொருள்களில் Z மேல்நோக்கி நிற்கும், சிலவற்றில் Y நிற்கும். Z மேலே இருந்தால் XY தளத்தில் வரைந்த தகடு படுத்திருக்கும். Y மேலே இருந்தால் அதே தகடு நின்றுகொண்டிருக்கும். முப்பரிமாண அச்சிடலுக்கு அனுப்பும்போது பலர் குழம்புவது இங்கேதான்.

தவறான தளத்தில் வரைந்துவிட்டால், பெரும்பாலான மென்பொருள்களில் ஸ்கெட்ச்சை வேறு தளத்துக்கு மாற்றலாம். ஆனால் அதன் முகங்களைச் சார்ந்து பின்னால் செய்த துளைகளும் பிரதிபலிப்புகளும் அப்போது உடையக்கூடும். ஆகவே மாற்றுவதாக இருந்தால், முதல் ஸ்கெட்ச்சுக்குக் கனம் கொடுக்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.