ஃபட்ஜ் மணல் மணலாகாமல் இருக்க

நேயர்களுக்கு வணக்கம். கேட்டரிங் மாணவர்களுக்கு மிட்டாய் செய்முறை வகுப்பில் அதிகம் கெட்டுப்போவது ஃபட்ஜ்தான். நிறமும் வாசனையும் சரியாக இருக்கும், வாயில் போட்டால் மணல் கடிபடும். காரணம் சர்க்கரை மீண்டும் படிகமாவது.

ஃபட்ஜில் படிகம் வரத்தான் வேண்டும். ஆனால் அது நாக்குக்குத் தெரியாத அளவு பொடியாக, எல்லாம் ஒரே சமயத்தில் பிறக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே சில படிகங்கள் பிறந்துவிட்டால், மீதிச் சர்க்கரையெல்லாம் அவற்றின்மேல் ஒட்டிப் பெரிதாகிவிடும்.

அரைக் கிலோ சர்க்கரை, கால் லிட்டர் பால், 75 கிராம் லிக்விட் குளுக்கோஸ் எடுத்துக்கொள்வோம். மிதமான தீயில், கொதி வருமுன் சர்க்கரை முழுவதும் கரைய வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி தேய்த்துப் பாருங்கள், நறநறப்பு இருக்கக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை நனைத்த பிரஷ்ஷால் வழித்துவிடுங்கள். அதில் ஒரு துணுக்கு உள்ளே விழுந்தாலும் அதுவே விதையாகிவிடும். பால் அடிப்பிடிக்காமலிருக்க மட்டும் அடியோடு மெதுவாகக் கிளறுங்கள்.

115 டிகிரி செல்சியஸில் இறக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டால், கையில் மென்மையான உருண்டையாகத் திரளும், வெளியே எடுத்ததும் தட்டையாகச் சரியும். திரளாமல் கரைந்தால் இன்னும் வேகவில்லை. எடுத்த பின்னும் உருண்டையாகவே நின்றால் பதம் முற்றிவிட்டது, ஃபட்ஜ் கெட்டியாக உதிரும். ஊட்டி போன்ற உயரமான இடங்களில் தண்ணீரே ஏறத்தாழ 93 டிகிரியில் கொதிக்கிறது. அங்கே 108 டிகிரியில் இதே பதம் வந்துவிடும். அதனால் முதலில் கொதிநீரில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது.

இறக்கியதும் 50 கிராம் வெண்ணெயை மேலே போட்டு, கலக்காமல், அசைக்காமல் 45 டிகிரி வரை ஆறவிடுங்கள். பொறுமை இல்லாமல் சூட்டிலேயே அடிப்பதுதான் பெரும்பாலான மணலுக்குக் காரணம். ஆறிய பிறகு விடாமல் அடித்தால் கோடானுகோடிப் பொடிப் படிகங்கள் ஒன்றாய்ப் பிறக்கும். பளபளப்பு மங்கியதும் உடனே தட்டில் கொட்டுங்கள்.

குளுக்கோஸ் எதற்கு? சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று அடுக்காமல் அது குறுக்கே நிற்கும். குலாப் ஜாமூன் பாகில் அதே வேலையை இன்வர்ட் சர்க்கரை செய்கிறது. அரைக் கிலோ சர்க்கரையும் கால் லிட்டர் தண்ணீரும் கொதிக்கும்போது அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால், அமிலமும் சூடும் சேர்ந்து சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கும். பாகு ஆறினாலும் பூக்காது. ஃபட்ஜில் எலுமிச்சை விட்டால் பால் திரிந்துவிடும், அதனால்தான் அங்கே குளுக்கோஸ். அதுவும் அளவு கூடினால் ஃபட்ஜ் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும்.

மணலான ஃபட்ஜைத் தூக்கிப் போட வேண்டாம். 100 மில்லி தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் கடைசித் துணுக்கும் கரையும்வரை சூடாக்கி, மறுபடி 115-க்குக் கொண்டுபோய், இந்த முறை ஆறும்வரை காத்திருந்து அடியுங்கள்.