பேச்சிலர், நான்-வெஜ், சாதி: அசோசியேஷன் போடுற ரூல் எதுவரைக்கும் செல்லும்?

வணக்கம் மக்களே. போன வீடியோல அட்வான்ஸ் திருப்பி வாங்கறது பத்திப் பேசினோம். இன்னிக்கு வேற ஒரு விஷயம். நம்ம சப்ஸ்கிரைபர் ஒருத்தங்க ஒரு நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. சென்னையில ஒரு அப்பார்ட்மென்ட். ஐடில வேலை பாக்கற மூணு பொண்ணுங்க ஒரு டபுள் பெட்ரூம் வீட்டுல வாடகைக்கு இருக்காங்க. ஹவுஸ் ஓனர் வெளிநாட்டுல. அசோசியேஷன் லெட்டர்ஹெட்ல வந்திருக்கு: "குடும்பத்தினருக்கு மட்டுமே அனுமதி, அசைவம் சமைக்கக் கூடாது, பொதுக்குழுத் தீர்மானப்படி ஒரு மாதத்தில் காலி செய்யவும்." கீழ செக்ரட்டரி கையெழுத்து, ரவுண்ட் சீல்.

அந்த சீலைப் பாத்தாலே நிறைய பேர் பயந்துருவாங்க. ஆனா அதுக்கு சட்டத்துல பலம் எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும்.

அசோசியேஷன்காரங்க கிட்ட கேட்டா, "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு சார்"னு ஒரு பதில் ரெடியா இருக்கும். அவங்க சொல்றது 2005-ல வந்த ஜொராஸ்ட்ரியன் கோஆபரேட்டிவ் ஹவுசிங் சொசைட்டி தீர்ப்பு. அகமதாபாத்ல பார்சிக்காரங்களுக்குன்னு ஒரு வீட்டு வசதி கூட்டுறவு சங்கம். பார்சி அல்லாதவங்களுக்கு விக்கக் கூடாதுன்னு அவங்க பைலால இருந்துச்சு. ஒரு மெம்பர் விக்கணும்னு போக, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, சங்கம் அமைக்கறது அரசியலமைப்பு 19(1)(c) தர்ற உரிமை, பைலாவை ஒத்துக்கிட்டுத்தான் மெம்பர் ஆனீங்க, அதனால அது உங்களைக் கட்டுப்படுத்தும். சமத்துவம் பத்தின பிரிவை வெச்சு அந்த பைலாவை ரத்து பண்ண முடியாதுன்னும் சொல்லிட்டாங்க. எனக்கு அந்தத் தீர்ப்புல உடன்பாடு கிடையாது. ஆனா இன்னிக்கு வரைக்கும் அதுதான் சட்டம்.

சரி, அந்தத் தீர்ப்பு இந்தப் பொண்ணுங்க இருக்கற கட்டடத்துக்குப் பொருந்துமா? இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. அகமதாபாத்ல நிலத்தை வாங்கினது சொசைட்டி. சொசைட்டி மெம்பருக்கு ஒதுக்கீடு பண்ணுது. நம்ம ஊர்ல பெரும்பாலான ஃபிளாட் அப்படி இல்ல. உங்க பேர்ல கிரயப் பத்திரம், உங்க பேர்ல யுடிஎஸ், அதாவது நிலத்துல பிரிக்கப்படாத பங்கு. அசோசியேஷன்ங்கறது அதுக்கப்புறம் லிஃப்ட், மோட்டார், செக்யூரிட்டி, காமன் ஏரியா இதையெல்லாம் பாத்துக்க ஆரம்பிக்கற அமைப்பு. தமிழ்நாடு அடுக்குமாடி குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-ல வந்தது, அதுவும் ஃபிளாட்டை ஓனரோட தனிச் சொத்தாத்தான் பாக்குது. அப்போ "நீ யாருக்கு வாடகைக்கு விடணும்"னு சொல்ற அதிகாரம் அசோசியேஷனுக்கு எங்கேர்ந்து வரும்? ஓனர் வாங்கும்போதே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்ட பைலால இருந்தா, வாதம் பண்ண அவங்களுக்கு ஏதோ கொஞ்சம் இடம் இருக்கு. அப்புறமா ஒரு ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல கைதூக்கிப் போட்ட தீர்மானம் பைலா ஆயிடாது. சொசைட்டீஸ் ஆக்ட்ல பதிவான சங்கம்னா, பைலாவைத் திருத்த சிறப்புத் தீர்மானம் போட்டு, பதிவாளர் கிட்ட பதிவு பண்ணணும்.

அதனால ஓனரை முதல்ல ஒரே ஒரு மெயில் போடச் சொன்னேன். "எந்த பைலா, எந்த நம்பர், எந்தத் தேதியில பதிவாச்சு? காப்பி கொடுங்க." அவ்வளவுதான். கோவமா ஒரு வரி கூட வேண்டாம். வந்த பதில், "மெஜாரிட்டி ரெசிடென்ட்ஸ் ஃபீலிங்." ஃபீலிங்குக்கு ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கிடையாது இல்லையா!

அடுத்து, காலி பண்ணச் சொல்றது. தமிழ்நாட்டுல 2017-ல போட்டு 2019 பிப்ரவரில அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கு. அதன்படி வாடகைதாரரை வெளியேத்தணும்னா வாடகை நீதிமன்றம் உத்தரவு போடணும், மனு போட வேண்டியது ஓனர். வாடகை பாக்கி, வீட்டைத் தப்பாப் பயன்படுத்தறதுன்னு காரணங்களும் சட்டத்துலயே இருக்கு. கல்யாணம் ஆகலைங்கறது அந்தப் பட்டியல்ல இல்ல. அசோசியேஷன் அந்தப் படத்துலயே இல்ல. ஆனா ஒண்ணு, எழுத்துல அக்ரிமென்ட் போட்டு tenancy.tn.gov.in-ல பதிவு பண்ணியிருக்கணும். அது இல்லாம இருந்தா அதுவே வீட்டைக் காலி பண்ண ஒரு காரணமா மாறிடும். இந்தப் பொண்ணுங்க கிட்ட பதிவு நம்பர் இருந்துச்சு.

நோட்டீஸ் வேலைக்கு ஆகலைன்னதும் அசோசியேஷன் அடுத்த வேலை பாத்துச்சு. லிஃப்ட் கார்டை பிளாக் பண்ணிட்டாங்க, கேட்ல டெலிவரி பசங்களை உள்ள விடறதில்ல. அஞ்சாவது மாடிங்க. அதே வாடகைச் சட்டத்தோட 20-வது பிரிவு, அத்தியாவசிய சேவையை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லுது; நிறுத்தினா வாடகை அதிகார அமைப்பு கிட்ட மனு போட்டு இடைக்கால உத்தரவு கேக்கலாம். ஆனா அந்தப் பிரிவு நேரடியாப் பேசறது ஓனரையும் அவர் வெச்ச சொத்து மேலாளரையும் பத்தி. அசோசியேஷன் "நாங்க அவரோட மேனேஜர் இல்ல"னு தப்பிக்கப் பாக்கும். அதனால ஓனர் நம்ம பக்கம் இருந்தா, அவரே சிவில் கோர்ட்ல தடையுத்தரவு கேக்கறதுதான் பலமான வழி. மெயின்டனன்ஸ் கட்டறவர் அவர், காமன் ஏரியால பங்கு இருக்கறவர் அவர். இந்தக் கேஸ்ல அதைத்தான் பண்ணியிருக்கோம்.

நான்-வெஜ் பத்திச் சுருக்கமா. மீன் கழிவை மாடிப்படில வெச்சா ஃபைன் போடலாம், குப்பை எப்படிக் கட்டி வெக்கணும்னு விதி போடலாம். அது காமன் ஏரியா. உங்க அடுப்புல என்ன கொதிக்குதுங்கறது காமன் ஏரியா கிடையாது.

இதுவரைக்கும் நான் பேசினது அசோசியேஷனைப் பத்தி. ஹவுஸ் ஓனரே "பேச்சிலருக்கு இல்ல, சைவம் மட்டும்"னு சொன்னா? தடுக்க இந்தியால பொதுவான சட்டம் எதுவும் இல்ல. உண்மை இதுதான். தனியார் வீட்டு வாடகையில பாரபட்சம் கூடாதுன்னு சொல்ற மத்திய சட்டம் நம்ம கிட்ட கிடையாது.

சாதின்னு வந்தா கதை மாறுது. 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிசிஆர் ஆக்ட், அதோட 4-வது பிரிவுல, தீண்டாமை காரணமா ஒருத்தர் எந்தப் பகுதியிலயும் குடியிருக்கறதைத் தடுத்தா குற்றம்னு தெளிவா இருக்கு. 12-வது பிரிவு அதைவிட முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதின்னா, தீண்டாமையாலதான் செஞ்சாங்கன்னு கோர்ட் அனுமானிச்சுக்கும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு. அதோட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல சமூகப் புறக்கணிப்பும், அப்படிப் பண்ணுவேன்னு மிரட்டறதும் குற்றம். பிரச்சினை என்னன்னா, யாரும் சாதியைச் சொல்லி மறுக்கறதில்ல. "சுத்த சைவம் பாக்கறோம்"பாங்க. முதல்ல சரின்னு டோக்கன் அட்வான்ஸ் வாங்கிட்டு, சொந்த ஊர் எது, குலதெய்வம் எதுன்னு விசாரிச்சப்புறம் "சொந்தக்காரங்க வர்றாங்க"ன்னா, அந்த வரிசைதான் உங்க ஆதாரம். போன்ல சண்டை போடாம, "நேத்து சரின்னீங்களே, என்ன காரணம்?"னு வாட்ஸ்அப்ல கேளுங்க. சாட்டை டெலீட் பண்ணாதீங்க. அதே வீடு அடுத்த வாரம் மறுபடி விளம்பரத்துல வந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க.

ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு ஓனர் மதத்தைச் சொல்லி வீடு மறுத்தா, இந்த ரெண்டு சட்டமும் கை கொடுக்காது. பிசிஆர் ஆக்ட் தீண்டாமைக்கு, வன்கொடுமைச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு. ஓனர் தயாரா இருந்து அசோசியேஷன் தடுத்தா, முன்ன சொன்ன சிவில் வழி இருக்கு. ஓனரே மறுத்தா நேரடியா நீட்ட ஒரு சட்டப் பிரிவு இல்ல. கமென்ட்ல இதை நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதான் மழுப்பாம சொல்லிட்டேன்.

இந்தக் கேஸ்ல இடைக்கால மனு விசாரணைக்கு வரணும். வந்ததும் அப்டேட் போடறேன். உங்க அசோசியேஷன் பைலால இந்த மாதிரி ஒரு விதி இருந்தா, பேரையும் ஃபிளாட் நம்பரையும் மறைச்சுட்டு அந்தப் பக்கத்தை மட்டும் மெயில் பண்ணுங்க, அடுத்ததுல ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்துரலாம்.